நில முகவர் எழுதும் முதல் கடிதம்

நம் பள்ளிகளில் கடிதம் எழுதுதல் ஒரு பாடம். விடுமுறைக் கடிதம், உறவினருக்குக் கடிதம், வேலைக்கு விண்ணப்பம் என்று மாணவர்கள் எழுதிப் பழகுகிறார்கள். ஆனால் பாடநூலில் இல்லாத ஒரு கடிதம் இப்போது நம் குடும்பங்களுக்குள் இரண்டு வழியாகவும் வந்து போகிறது. சேமநிதிப் பணத்தில் ஒரு வீட்டு லோட்டு வாங்கிப் போட்டவர்களுக்கு, "உங்கள் நிலத்தை விற்றுத் தருகிறோம்" என்று முகவர்களிடமிருந்து கடிதம் வருகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் ஐந்தாம் படிவம் முடித்து நிறுவனங்களில் நில முகவர்களாகச் சேர்ந்து, அதே கடிதத்தை எழுதும் இடத்திலும் இருக்கிறார்கள். எழுதுகிறவருக்கும் பெறுகிறவருக்கும் பயன்படும்படி அந்த ஒரு கடிதத்தை மட்டும் இன்று பார்ப்போம்.

முதலில், எழுதுகிறவர் யார் என்பது. நம் நாட்டில் நிலமோ வீடோ விற்றுக் கொடுத்துக் கட்டணம் வாங்கும் தொழிலுக்கு 1981-ஆம் ஆண்டின் 242-ஆம் சட்டம் இருக்கிறது. அதன்படி ஒரு வாரியம் இயங்குகிறது. மலாய் மொழியில் லெம்பாகா பெனிலாய் என்று தொடங்கும் நீண்ட பெயர் அதற்கு. தேர்வு எழுதித் தேறி வாரியத்தில் பதிவு பெற்றவரே சொத்து முகவர். அவருடைய நிறுவனத்தின் கீழ் வேலை செய்கிறவருக்கு "ரென்" என்று ஓர் எண்ணும், படத்துடன் கூடிய அட்டையும் உண்டு. ஊர்களில் நாம் சந்திப்பவர்களில் பெரும்பாலோர் இந்த ரென் எண் உள்ளவர்களே. அவர்கள் தங்கள் பெயரில் தனியாகத் தொழில் நடத்த முடியாது; ஒரு நிறுவனத்தின் கீழ்தான் நடத்தலாம். ஆகவே கடிதத்தின் தலைப்பில் நிறுவனத்தின் பெயர், அதன் பதிவு எண், அலுவலக முகவரி, எழுதுகிறவரின் ரென் எண் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். கைப்பேசி எண் மட்டும் போட்டு, "உங்கள் நண்பன்" என்று முடியும் கடிதத்துக்குப் பதில் எழுதத் தேவையில்லை. வாரியத்தின் இணையப் பக்கத்தில் எண்ணைத் தட்டினால் பெயரும் நிறுவனமும் வந்துவிடும். வீட்டில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கச் சொன்னால் இரண்டு நிமிட வேலை.

அடுத்து, "என் பெயரும் முகவரியும் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்ற கேள்வி. கடிதம் வந்தவுடன் பெரியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பலர் பயந்தும் போகிறார்கள். நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி ஒரு லோட்டின் விவரத்தைத் தேடிப் பார்க்கலாம். அந்தத் தேடல் தாளில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்கும். இதில் மறைக்க ஒன்றுமில்லை. எனவே கடிதத்தில் அதைச் சொல்லிவிடுவதே நேர்மை. தனிப்பட்டவரின் விவரங்களைக் காக்க 2010-ஆம் ஆண்டில் ஒரு சட்டமும் வந்திருக்கிறது. "இனி எனக்கு இப்படிக் கடிதம் அனுப்பாதீர்கள்" என்று உரிமையாளர் எழுதித் தெரிவித்தால் முகவர் நிறுத்த வேண்டும். அதையும் கடிதத்திலேயே சொல்லலாம்.

இங்கே ஒரு சிறு செய்தி. கிராண்டில், அதாவது நிலப் பத்திரத்தில், பெயர் உள்ளவர் பல வீடுகளில் இறந்திருப்பார். பிள்ளைகள் பெயர் மாற்றாமலே விட்டிருப்பார்கள். இறந்துபோன தகப்பனாரின் பெயருக்கு, "உங்கள் நிலத்தை விற்க விருப்பமா?" என்று கடிதம் வந்தால் வீட்டில் உள்ளவர்களின் மனம் புண்படும். "பதிவு பெற்ற உரிமையாளருக்கு அல்லது அவர்தம் குடும்பத்தாருக்கு" என்று எழுதினால் அந்தக் குறை இராது. அத்தகைய நிலத்தை உடனே விற்கவும் முடியாது. முதலில் வாரிசுகளுக்குப் பங்கு பிரித்து உத்தரவு பெற வேண்டும். சிறிய சொத்துகளானால் நில அலுவலகத்தின் வழியாகவே அதைச் செய்யலாம். முகவர் இதைத் தெரிந்துகொண்டே, "ஒரு மாதத்தில் விற்றுத் தருகிறேன்" என்று எழுதுவாரானால் அது பொய்தான்.

இப்போது கட்டணம். இதில்தான் மிகுதியும் இடர் இருப்பதால் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நிலம் விற்றுக் கொடுப்பதற்கு முகவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்ச வரம்பு உண்டு. விற்ற விலையில் 3 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. அது உச்ச வரம்புதான். குறைத்துப் பேசவும் இடமுண்டு. மிகச் சிறிய விலையில் போகும் நிலமானால் குறைந்தபட்சக் கட்டணம் 1,000 வெள்ளி என்று இருக்கிறது. கட்டணத்தின் மேல் சேவை வரி வரும். 2024 மார்ச் முதல் தேதியிலிருந்து அது 8 விழுக்காடு. இந்த வரி கட்டணத்தின் மீதுதான், நிலத்தின் விலை மீது அன்று. வரிக்குப் பதிவு பெற்ற நிறுவனங்களே இதை வாங்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோல சிலாங்கூர் பக்கம் ஒருவருக்கு 60 அடிக்கு 90 அடி, அதாவது 5,400 சதுர அடியில் ஒரு லோட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர்; சேமநிதியில் வாங்கியது. அது 95,000 வெள்ளிக்கு விற்கிறது. 3 விழுக்காடு என்றால் 2,850 வெள்ளி. அதன் மேல் 8 விழுக்காடு சேவை வரி 228 வெள்ளி. ஆக முகவருக்குப் போவது 3,078 வெள்ளி. உரிமையாளருக்கு மிஞ்சுவது 91,922 வெள்ளி. வழக்கறிஞர் செலவு இதில் சேரவில்லை.

இனி வேறொரு முறையைப் பாருங்கள். கடிதம் எழுதிய ஆள் வீட்டுக்கு வருகிறார். கட்டணத்தைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. "ஐயா, உங்களுக்குக் கையில் எவ்வளவு வேண்டும்? அதை மட்டும் சொல்லுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்கு ஒரு காசு செலவில்லை" என்கிறார். பெரியவர் யோசித்து, "80,000 கிடைத்தால் போதும், தம்பி" என்கிறார். அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார். பிறகு அதே நிலத்தை வாங்குபவரிடம் 95,000 என்று முடிக்கிறார். நடுவில் உள்ள 15,000 வெள்ளி அவருடையது. சில வேளைகளில் ஒப்பந்தத்தில் 80,000 என்றே எழுதி, மீதியை வாங்குபவரிடம் ரொக்கமாக வாங்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய முத்திரை வரியும் குறைகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் என்ற முறையில் பெரியவரும் அந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்வார். "செலவில்லாமல்" விற்றவருக்கு 80,000. முறைப்படி 3 விழுக்காடு கொடுத்து விற்றவருக்கு 91,922. வேறுபாடு 11,922 வெள்ளி. நம் குடும்பங்களுக்கு அது எத்தனை மாதச் சம்பளம் என்பதை நேயர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இந்த ஏமாற்று முழுவதும் கடிதத்தில் இல்லாத ஒரு வரியிலிருந்து தொடங்குகிறது. "விலை எவ்வளவு ஏறினாலும் அது முழுவதும் உங்களுடையது, எங்களுக்கு அதில் இன்ன விழுக்காடு மட்டுமே" என்ற வரிதான் அது. எழுதுகிறவர் நேர்மையானவரானால் இந்த வரியை எழுதத் தயங்க மாட்டார். பெறுகிறவர் இந்த வரி இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கையில் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லாமல், "வாங்குபவர் கொடுக்கும் முழு விலை எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்கலாம். வாங்குபவர் கையெழுத்திட்ட விலை உறுதித் தாளைக் காட்டச் சொல்லலாம். வழக்கறிஞர் அலுவலகத்தில் வாங்குபவரை நேரில் பார்க்கும்போது, "எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று வாய்விட்டுக் கேட்பதிலும் தவறில்லை. முகவர் இருவரையும் சந்திக்க விடாமலே காரியத்தை நடத்தினால் அங்கே ஏதோ இருக்கிறது.

இனி முகவர் என்னென்ன செய்து தருவார் என்பது. இங்கே வாக்குறுதிகளைக் குவிக்கும் ஆசை எழுதுகிறவருக்கு வரும். "வாங்க ஆள் தயாராக இருக்கிறார்" என்பது இந்தக் கடிதங்களில் மிகப் பழைய பொய். உண்மையிலேயே ஒருவர் கேட்டிருந்தால், எந்தப் பகுதியில், என்ன அளவில் கேட்கிறார் என்று எழுதலாம். இல்லையென்றால் எழுதக் கூடாது. மற்றொன்று, உயர்ந்த விலையைச் சொல்லி ஆசை காட்டுவது. 95,000 பெறும் நிலத்தை 1,30,000 பெறும் என்று எழுதினால் உரிமையாளர் மகிழ்ந்து கையெழுத்துப் போட்டுவிடுவார். இரண்டு மாதம் யாரும் வரமாட்டார்கள். பிறகு, "சந்தை இறங்கிவிட்டது, ஐயா" என்று சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். சந்தை எங்கும் இறங்கவில்லை, ஆசைதான் காட்டப்பட்டது. அரசாங்கத்தின் மதிப்பீட்டு, சொத்துச் சேவைத் துறை, நடந்து முடிந்த விற்பனைகளின் விவரங்களைத் திரட்டி வெளியிடுகிறது. அருகிலுள்ள லோட்டுகள் என்ன விலைக்குப் போயின என்பதை அதிலிருந்து எடுத்துக் காட்டுகிற முகவரின் பேச்சை நம்பலாம்.

இனி கடிதத்தையே எழுதிப் பார்ப்போம். நாம் எடுத்துக்கொண்ட லோட்டுக்கு, நிறுவனத்தின் தலைப்புத் தாளில், தேதியிட்டு, இப்படி எழுதலாம்:

"பதிவு பெற்ற உரிமையாளருக்கு அல்லது அவர்தம் குடும்பத்தாருக்கு,

ஐயா / அம்மா, வணக்கம்.

நாங்கள் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் நிலம், வீடு விற்பனைக்கு உதவும் சொத்து முகவர்கள். எங்கள் நிறுவனத்தின் பதிவு எண்ணும் என்னுடைய ரென் எண்ணும் மேலே உள்ளன. அவற்றை வாரியத்திடம் சரிபார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

உங்கள் பெயரையும் முகவரியையும் நில அலுவலகத் தேடலின் வழி அறிந்தோம். உங்கள் லோட்டை விற்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், அப்பொறுப்பை எங்களிடம் கொடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டுகிறோம். இப்போது எங்களிடம் இந்த நிலத்துக்கென்று வாங்குபவர் யாரும் இல்லை, தேட வேண்டும்.

நீங்கள் இசைந்தால், நிலத்தை நேரில் வந்து பார்ப்போம். கிராண்டில் உள்ள நிபந்தனைகளைப் படித்து உங்களுக்கு விளக்குவோம். அருகில் நடந்த விற்பனைகளைக் காட்டி, கேட்கத்தக்க விலையைப் பற்றிப் பேசுவோம். படம் எடுத்து விளம்பரம் செய்வோம், அச்செலவு எங்களுடையது. வாங்க வருகிறவர்களை அழைத்து வந்து காட்டுவோம். வரும் ஒவ்வொரு விலையையும், அது குறைவாக இருந்தாலும், உங்களுக்குத் தெரிவிப்போம்.

இன்ன தேதிக்குள், இன்ன விலைக்கு விற்றுவிடுவோம் என்று எங்களால் உறுதி கூற முடியாது. நாங்கள் வழக்கறிஞர்கள் அல்லர். ஒப்பந்தத்துக்கு உங்கள் வழக்கறிஞரை நீங்களே தேர்ந்துகொள்ளலாம்.

எங்கள் கட்டணம், விற்ற விலையில் 3 விழுக்காடு. அதன் மேல் 8 விழுக்காடு சேவை வரி. எடுத்துக்காட்டாக, 95,000 வெள்ளிக்கு விற்றால் நீங்கள் எங்களுக்குத் தருவது, வரியுடன், 3,078 வெள்ளி. விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே இதைத் தருவீர்கள். விற்காவிட்டால் எதுவும் தர வேண்டாம். வாங்குபவரிடமிருந்து நாங்கள் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. விலை எவ்வளவு ஏறினாலும் அது முழுவதும் உங்களுடையது.

வழக்கறிஞர் செலவு, வரிப் பாக்கி, நிலத்தை வெட்டிச் சுத்தம் செய்வது ஆகியவை இக்கட்டணத்தில் சேரா.

இப்போது எந்தப் பத்திரத்தையும் எங்களுக்கு அனுப்ப வேண்டாம். விற்கும் எண்ணம் இல்லையெனில், அல்லது இனி கடிதம் வேண்டாமெனில், ஒரு வரி எழுதினால் போதும். உங்கள் பெயரை எடுத்துவிடுவோம்.

இப்படிக்கு," என்று பெயரும் கையெழுத்தும்.

தமிழ் படிப்பவருக்குத் தமிழில் எழுதலாம். ஆனால் மலாய் மொழியில் ஒரு படியையும் சேர்த்து வைப்பது நல்லது. பிற்பாடு ஏதேனும் வழக்கு வந்தால் எல்லாரும் படிக்க முடியும்.

இக்கடிதத்தில் சில இடங்களுக்கு விளக்கம் தேவை. கிராண்டின் நிபந்தனைகளைப் படித்து விளக்குவோம் என்றோம். கிராண்டில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். "ஷாரத் ஞாத்தா" என்ற இடத்தில் அந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று இருக்கும். வீடு கட்டவா, பயிர் செய்யவா என்று. "செக்காத்தான் கெபெந்திங்கான்" என்ற இடத்தில் விற்பதற்குத் தடை ஏதும் உண்டா என்று இருக்கும். மாநில அரசின் அனுமதி இல்லாமல் பெயர் மாற்றக் கூடாது என்று அங்கே எழுதியிருந்தால், அந்த அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அதற்குச் சில மாதங்களும் ஆகலாம். வாங்குபவரிடம் இதை முன்னதாகச் சொல்லாவிட்டால் அவர் நடுவில் முறித்துக்கொண்டு போவார். வங்கியில் அடகு இருந்தாலும் கிராண்டில் அது பதிவாகியிருக்கும்.

பத்திரத்தை அனுப்ப வேண்டாம் என்றதும் காரணத்தோடுதான். மூல கிராண்டு முகவருக்குத் தேவையே இல்லை. நகல் போதும். அடையாள அட்டையின் நகலைக் கொடுக்கும்போது அதன் மேல் குறுக்கே இரண்டு கோடு போட்டு, இன்ன நிலம் விற்பதற்கு மட்டும் என்று மலாயில் எழுதிக் கொடுக்க வேண்டும். மூலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவரிடம் கொடுக்கவே கூடாது.

வாங்குபவர் முதலில் கொடுக்கும் முன்பணம், வழக்கமாக விலையில் 2 அல்லது 3 விழுக்காடு, நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில் போக வேண்டும். வந்த ஆளின் சொந்தக் கணக்கில் போகக் கூடாது. ரசீதும் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். உரிமையாளர் தரும் கட்டணத்துக்கும் இதே விதிதான்.

சொத்து இலாப வரி என்று ஒன்று உண்டே என்று சிலர் கேட்பார்கள். வாங்கி ஐந்து ஆண்டுகள் நிறைந்த பிறகு விற்கும் நம் நாட்டுக் குடிமக்களுக்கு, 2022 ஜனவரியிலிருந்து அதன் விகிதம் சுழியம். ஆனால் வரி இல்லை என்றாலும் பாரத்தை நிரப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

கடிதத்துக்கு உரிமையாளர் இசைந்தால், அடுத்து நியமனக் கடிதம் ஒன்றில் கையெழுத்துக் கேட்பார்கள். முதல் கடிதத்தில் எழுதியவை எல்லாம் அதிலும் அப்படியே இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும். முதல் கடிதம் இனிப்பாகவும் இரண்டாவது தாள் வேறாகவும் இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அதில் இரண்டு இடங்களைத் தவறாமல் தேட வேண்டும். ஒன்று, இது தனி நியமனமா, பொது நியமனமா என்பது. பொது நியமனமானால் வேறு முகவரிடமும் கொடுக்கலாம். உரிமையாளரே தம் உறவினருக்கு விற்றால் கட்டணம் தர வேண்டியதில்லை. தனி நியமனமானால், குறித்த காலத்துக்குள் உரிமையாளரே ஆள் தேடி விற்றாலும் முகவருக்குக் கட்டணம் உண்டு என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். தனி நியமனம் தீயது அன்று. முகவர் கூடுதல் அக்கறையோடு உழைப்பார். ஆனால் காலம் மூன்று மாதம் என்று எண்ணிலும் எழுத்திலும் இருக்க வேண்டும். "விற்கும் வரை" என்று இருந்தால் அடித்துத் திருத்தச் சொல்ல வேண்டும்.

மற்றொன்று, வாங்குபவர் பின்வாங்கினால் என்ன ஆகும் என்பது. அவர் இழக்கும் முன்பணத்தில் பாதி முகவருக்கு என்று சில தாள்களில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். 95,000 வெள்ளி நிலத்துக்கு 3 விழுக்காடு முன்பணம் 2,850 வெள்ளி. பாதி என்றால் 1,425 வெள்ளி. இதற்கு உடன்படுவதும் மறுப்பதும் உரிமையாளரின் விருப்பம். ஆனால் அது இருப்பது கையெழுத்துக்கு முன்னால் தெரிய வேண்டும். கண் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டில் உள்ள பிள்ளைகள் அந்தத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். கையெழுத்தான பிறகு ஒரு படியை வாங்கி, முதலில் வந்த கடிதத்தோடு சேர்த்துக் குத்தி, கிராண்டு இருக்கும் பெட்டியிலேயே வைத்துவிடலாம்.